பதிப்பு 1.4.2: தடுப்பு ஏன் தாமதமாக விழுந்தது, எதைச் சரிசெய்தோம்

பட்டறை (உருவாக்குநர்) · சனி, இரவு 8:10

வணக்கம். நம் கம்புச்சண்டை விளையாட்டின் 1.4 பதிப்பு வெளிவந்த வாரத்திலிருந்து, தலைக்கு ஓங்கும் அடியைத் தடுக்க முடியவில்லை, பொத்தானை அழுத்தியும் கம்பு எழ மறுக்கிறது என்று பலர் இங்கே எழுதினீர்கள். அது கைப்பழக்கக் குறைவு என்று நாங்கள் தொடக்கத்தில் நினைத்தது தவறு. கோளாறு எங்களுடையதுதான். நேற்று வந்த 1.4.2இல் அது திருத்தப்பட்டிருக்கிறது. நடந்ததை மறைக்காமல் சொல்வது உங்களுக்கு நாங்கள் பட்ட கடன்.

முதலில் தடுப்பின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தலையடி தொடங்கி உடலில் விழும்வரை 22 பிரேம்கள், அதாவது ஏறத்தாழ 367 மில்லிவினாடி ஆகும். திரையில் கம்பு ஓங்குவதைக் கண்டு விரல் அசைய ஒருவருக்குக் கால் வினாடி, அதாவது 250 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 117. அந்த மீதிக்குள்தான் பொத்தானிலிருந்து திரை வரையுள்ள எல்லாத் தாமதமும் அடங்க வேண்டும். 1.3இல் அந்தத் தாமதம் 62 மில்லிவினாடியாக இருந்ததால் உங்களுக்கு 55 மிச்சம் இருந்தது. 1.4இல் அதுவே 112 ஆகிவிட்டது. மிச்சம் வெறும் 5. கொஞ்சம் களைத்த கண்ணோடு ஆடினாலும் அடி விழுந்துவிடும்.

இதை ஏன் நாங்கள் கவனிக்கவில்லை என்று கேட்பது நியாயம். 60 ஹெர்ட்ஸ் திரையின் மூலையில் தெரியும் எண் 1.4இலும் அசையாமல் 60 என்றே நின்றது. முன்பைவிட ஓட்டம் சீராகவும் இருந்தது. அந்த எண் வினாடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்று சொல்லுமே தவிர, வரும் படம் எவ்வளவு பழையது என்று சொல்லாது. காப்பிக்கடையில் நிமிடத்துக்கு ஒரு கோப்பை தவறாமல் வந்துகொண்டிருக்கலாம். நமக்கு முன்னால் மூன்று பேர் நின்றால் நம் கோப்பை நான்காவதாகத்தான் வரும்.

இன்னொரு காரணம் எங்கள் மேசைகளில் இருந்தது. நாங்கள் வேலை செய்யும் திரைகள் 144 ஹெர்ட்ஸ். அதில் மூன்று பிரேம் பின்தங்கினால் 21 மில்லிவினாடிதான். உங்களில் பெரும்பாலோர் வைத்திருக்கும் 60 ஹெர்ட்ஸ் திரையில் அதே மூன்று பிரேம் 50 மில்லிவினாடி.

கண்டுபிடித்த விதம் எளியது, ஆனால் சலிப்பூட்டுவது. சிம் லிம் டவரில் சில காசுக்கு வாங்கிய சிவப்பு எல்இடி ஒன்றைப் பழைய ஆர்கேட் பலகையின் தடுப்புப் பொத்தானோடு பற்றவைத்தோம். பொத்தான் மின்சுற்றை மூடும் அதே கணத்தில் விளக்கு எரியும். பலகையைத் திரைக்குக் கீழே வைத்து, இரண்டும் ஒரே சட்டத்தில் விழும்படி கைத்தொலைபேசியால் வினாடிக்கு 240 படங்களாகப் பதிவுசெய்தோம். விளக்கு எரிந்த படத்திலிருந்து கம்பு அசைந்த படம் வரை எண்ணினால் ஒவ்வொன்றும் 4.17 மில்லிவினாடி. நீங்கள் அழுத்தும் கணம் பிரேமின் தொடக்கத்திலும் விழலாம், முடிவிலும் விழலாம் என்பதால் ஒரே ஒரு அழுத்தத்தை நம்ப முடியாது. ஒவ்வொரு பதிப்புக்கும் இருபது தடவை அழுத்திச் சராசரி எடுத்தோம். 1.3க்கு 15 படங்கள், 1.4க்கு 27.

இரண்டு பதிப்புகளுக்கும் இடையே 41 மாற்றங்கள் இருந்தன. பாதியாகப் பிரித்துப் பிரித்துச் சோதித்ததில் ஆறாவது தடவையில் குற்றவாளி அகப்பட்டது. அது நாங்களே பெருமையோடு அறிவித்த ஒரு திருத்தம். 1.3 வரை விளையாட்டுக்குள் ஒரு வேகக் கட்டுப்பாடு இருந்தது. 60இல் நிற்க வேண்டிய அது, படங்களுக்கு இடையே உறங்கும் நேரம் கொஞ்சம் அதிகமாகி 59.8இல் ஓடியது. அதனால் ஐந்து வினாடிக்கு ஒருமுறை ஒரே படம் இரண்டு தடவை தெரிந்து காட்சி இடறியது. அந்த இடறலைப் பற்றிப் புகார் வந்தபோது, வேகத்தைத் திரையே பார்த்துக்கொள்ளட்டும் என்று கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, திரையின் சுற்றோடு படங்களை இசைவிக்கும் வீசிங்கை மட்டும் நம்பினோம். 1.4இன் வளையம் இப்படித்தான் இருந்தது:

```
while (running) {
    ReadInput();
    Simulate();
    Render();
    swapChain->Present(1, 0);
}
```

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் `Present` என்பது படத்தைத் திரைக்கு அனுப்புவதன்று, வரிசையில் சேர்ப்பது மட்டுமே. செயலி வேகமாக இருந்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று படங்களை முன்கூட்டியே வரைந்து அடுக்கிவிடும். வரிசை நிறைந்த பிறகுதான் `Present` நம்மை நிறுத்திவைக்கும். டைரக்ட்எக்ஸில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் அந்த வரிசையின் நீளம் 3. முன்பு எங்கள் கட்டுப்பாடு திரையைவிட ஒரு மயிரிழை மெதுவாக ஓடியதால் வரிசை எப்போதும் காலியாகவே இருந்தது. அந்தக் குறைபாடு நமக்குத் தெரியாமலே நன்மை செய்துகொண்டிருந்தது. அதை நீக்கியதும் வரிசை நிறைந்து, நிறைந்தபடியே நின்றுவிட்டது. நீங்கள் அழுத்தியது உடனே படிக்கப்பட்டது, உடனே வரையப்பட்டது, பிறகு மூன்று படங்களுக்குப் பின்னால் போய் நின்றது.

இப்போது வளையத்தின் வாயிலிலேயே காத்திருக்கிறோம்:

```
swapChain2->SetMaximumFrameLatency(1);

while (running) {
    WaitForSingleObjectEx(frameWait, 1000, TRUE);
    ReadInput();
    Simulate();
    Render();
    swapChain->Present(1, 0);
}
```

வரிசையில் இடம் உண்டு என்று விண்டோஸ் சொன்ன பிறகுதான் பொத்தானைப் படிக்கிறோம். காத்திருப்பு அழிந்துவிடவில்லை. அது படிப்பதற்கு முன்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 1.4.2இன் சராசரி 14 படங்கள், அதாவது 58 மில்லிவினாடி. பழைய இடறலும் இல்லை.

தெம்பனிஸ்_கம்பு · சனி, இரவு 8:41

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இவ்வளவு சுற்ற வேண்டிய தேவை இல்லை என்று நினைக்கிறேன். நான் முதல் நாளே அமைப்புகளில் வீசிங்கை அணைத்துவிட்டேன், தடுப்பு முன்போலவே விழுந்தது. எல்லாரும் அதை அணைத்துவிட்டால் போதுமே. கோளாறு வீசிங்கில்தான் இருக்கிறது.

மூன்றாம்_மாடி · சனி, இரவு 9:05

பாதி சரி. வீசிங்கை அணைத்தால் `Present` திரைக்காகக் காத்திருக்காது, எனவே வரிசை வடிந்துவிடும். உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு வேலை குறைவாக இருக்கும்வரைதான் அது உண்மை. மழைக் காட்சியுள்ள களத்தில் எல்லா அமைப்பையும் உச்சத்தில் வைத்து ஆடிப் பாருங்கள். கார்டு திணறத் தொடங்கியதும் செயலி மறுபடியும் முந்திக்கொண்டு படங்களை அடுக்கும், தாமதம் திரும்பிவிடும். திரை நடுவே படம் கிழிந்து தெரிவதையும் சேர்த்துச் சகிக்க வேண்டும். வரிசைக்கு எல்லை இடாததுதான் மூலக் குற்றம், அதை வீசிங் வெளிக்காட்டியது.

எனக்கு இந்தக் கோளாறு தெரியவே இல்லை. என்விடியா கட்டுப்பாட்டுப் பலகையில் `Low Latency Mode` என்பதை நெடுநாளாக இயக்கியே வைத்திருக்கிறேன். டிரைவரே வரிசையைக் குறுக்கிவிட்டது. அதனால்தான் மற்றவர்கள் புலம்பியபோது நானும் கைப்பழக்கம் என்று எழுதினேன். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டறைக்கு ஒரு சொல்: ஆர்கேட் பலகையும் விளக்கும் அருமை, ஆனால் `PresentMon` கருவியை ஓடவிட்டு `MsUntilDisplayed` என்ற எண்ணைப் பார்த்திருந்தால், ஐந்தே நிமிடத்தில் வரிசை நீண்டிருப்பது தெரிந்திருக்கும்.

பட்டறை (உருவாக்குநர்) · சனி, இரவு 9:22

உண்மைதான். பிறகு ஓட்டிப் பார்த்தோம், அந்த எண் பட்டென்று காட்டிக்கொடுத்தது. ஆனால் அந்தக் கருவி `Present` அழைப்பிலிருந்து திரை வரைதான் அளக்கும். பொத்தானிலிருந்து நம் நிரல் வரையுள்ள பகுதி அதன் கண்ணுக்குத் தெரியாது. குற்றம் எந்தப் பக்கம் என்று தெரியாத நிலையில் முழுவழியையும் அளக்கவே விரும்பினோம். எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போனது வேறு விஷயம்.

ஈசூன்_இரவு · சனி, இரவு 9:50

எனக்கு இது இணையக் கோளாறாகத்தான் படுகிறது. எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தாலும் ரவுட்டர் வரவேற்பறையில் இருக்கிறது, என் அறைக்கு வைஃபை சரியாக எட்டுவதில்லை. 1.4இல் நண்பரோடு ஆடும்போது தடுப்பு தவறியது. 1.4.2ஐ நிறுவிய பிறகும் சில நேரம் தவறுகிறது. நீங்கள் சேவையகத்தை மாற்றினால் நல்லது.

பட்டறை (உருவாக்குநர்) · சனி, இரவு 10:02

இரண்டையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும். இணையத்தைத் துண்டித்துவிட்டு, பயிற்சிக் களத்தில் தனியாக ஆடுங்கள். அங்கேயும் தடுப்பு தவறினால் அது இந்த இழை பேசும் விஷயம். அங்கே சரியாக விழுந்து, நண்பரோடு ஆடும்போது மட்டும் தவறினால் அது உங்கள் வைஃபை. எங்கள் புதுப்பிப்பு அதைத் தொடவே இல்லை. எல்லாப் புகார்களும் 1.4க்குப் பிறகு ஒரே நேரத்தில் வந்ததால், தொடக்கத்தில் நாங்களும் மூன்று நாள் சேவையகப் பதிவேடுகளைப் புரட்டி வீணாக்கினோம்.

காக்கிச்சட்டை_வாரஇறுதி · ஞாயிறு, காலை 10:15

அண்ணா, தேசிய சேவையில் இருப்பதால் வார இறுதியில் மட்டும்தான் ஆட முடிகிறது, எனவே தாமதமாக எழுதுகிறேன். எனக்கு ஒன்று புரியவில்லை. வீட்டில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. அண்ணனின் கணினி புதியது, 60இல் அசையாமல் ஓடும். என்னுடையது ஏழு ஆண்டுப் பழைய செயலி, கார்டு மட்டும் போன ஆண்டு மாற்றியது. அதில் 52ஐத் தாண்டாது, காட்சியும் இடறும். ஆனால் 1.4இல் என் பழைய கணினியில் தடுப்பு விழுந்தது, அண்ணனின் புதியதில் விழவில்லை. அண்ணன் நான் பொய் சொல்கிறேன் என்றார்.

பட்டறை (உருவாக்குநர்) · ஞாயிறு, காலை 11:00

தம்பி, நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்களைப் போல ஒருவர் மின்னஞ்சலில் இதையே எழுதியதுதான் எங்களைச் சரியான பக்கம் திருப்பிவிட்டது. உங்கள் செயலி ஒரு படத்தைத் தயாரித்து முடிப்பதற்குள் திரை முந்தைய படத்தைக் காட்டி முடித்துவிடுகிறது. எனவே வரிசையில் எதுவும் தேங்குவதில்லை. அண்ணனின் செயலியோ ஆறு மில்லிவினாடியில் வேலையை முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் அடுத்தடுத்த படங்களை அடுக்குகிறது. வேகமான கணினியில் தாமதம் கூடுகிறது என்று கேட்டால் யாருக்கும் நம்ப வராது. எங்களுக்கும் வரவில்லை.

மூன்றாம்_மாடி · ஞாயிறு, காலை 11:20

இதைப் படித்துவிட்டுப் பழைய கணினி எல்லாமே நல்லது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இங்கே செயலி மெதுவாகவும் கார்டு வேகமாகவும் இருந்ததால் தப்பியது. கார்டு மெதுவாகவும் செயலி வேகமாகவும் இருந்தால் நேர் எதிர்: 40இல் ஓடும்போது வரிசையிலுள்ள ஒவ்வொரு படமும் 25 மில்லிவினாடி, மூன்றுக்கு 75.

ஒரு கேள்வி. வரிசையை ஒன்றாகக் குறைத்தால் செயலியும் கார்டும் ஒரே நேரத்தில் வேலைசெய்யும் இடம் சுருங்குமே. அதற்கு என்ன விலை கொடுத்தீர்கள்?

பட்டறை (உருவாக்குநர்) · ஞாயிறு, மதியம் 12:05

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எங்கள் சோதனை மடிக்கணினியில் செயலிக்கு 7, கார்டுக்கு 11 மில்லிவினாடி ஆகிறது. முன்பு கார்டு ஒரு படத்தை வரையும்போதே செயலி அடுத்ததைத் தயாரித்ததால் இரண்டும் 16.7க்குள் அடங்கின. இப்போது ஒன்று முடிந்து மற்றொன்று என்றால் 18 ஆகிறது. 16.7ஐத் தாண்டியதும் அந்தப் படம் திரையின் ஒரு சுற்றைத் தவறவிடுகிறது, ஓட்டம் 30க்கும் 60க்கும் இடையே தள்ளாடுகிறது. ஆகவே அமைப்புகளில் ‘பட வரிசை’ என்று ஒரு தேர்வைச் சேர்த்திருக்கிறோம். இயல்பு 1. அடிக்கடி சுற்று தவறினால் 2ஐப் பரிந்துரைத்து ஒரு செய்தி வரும். 2 வைத்தால் ஏறத்தாழ 17 மில்லிவினாடி கூடும். முன்சொன்ன கணக்கில் மிச்சம் 40க்குச் சற்று மேல், இன்னும் தடுக்க முடியும்.

தெம்பனிஸ்_கம்பு · ஞாயிறு, மதியம் 12:30

மூன்றாம்_மாடி சொன்னதுபோல மழைக் களத்தில் ஆடிப் பார்த்தேன். ஒப்புக்கொள்கிறேன், தவறியது. ஆனால் பழைய வேகக் கட்டுப்பாட்டையே திரும்பப் போட்டிருக்கலாமே. ஐந்து வினாடிக்கு ஒரு இடறல் எனக்கு ஒரு பொருட்டே இல்லை.

பட்டறை (உருவாக்குநர்) · ஞாயிறு, மதியம் 12:48

அது வேலைசெய்தது தற்செயலாகத்தான். 59.8 என்பது 60 ஹெர்ட்ஸ் திரையைவிட மெதுவாக இருந்ததால் காப்பாற்றியது. சில மடிக்கணினிகள் மின்கலத்தைச் சேமிக்கத் தாமாகவே 48க்கு இறங்குகின்றன. அங்கே கட்டுப்பாடு திரையை முந்திவிடும், வரிசை மறுபடியும் நிறையும். எல்லாத் திரைக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது.

பொத்தோங்_பாசிர்_அக்கா · ஞாயிறு, மாலை 4:30

நான் மகனோடு வரவேற்பறைத் தொலைக்காட்சியில் ஆடுகிறேன். 1.4.2 வந்த பிறகு கொஞ்சம் தேறியிருக்கிறது, ஆனால் மகனின் அறையிலுள்ள திரையில் தடுக்க முடிவதை இங்கே தடுக்க முடிவதில்லை. கம்பு மோதும் சத்தமும் பின்தங்கி வருகிறது, புளூடூத் ஒலிபெருக்கி வைத்திருக்கிறோம். எங்களுக்கும் ஏதாவது செய்வீர்களா?

மூன்றாம்_மாடி · ஞாயிறு, மாலை 5:10

அக்கா, உங்கள் வீட்டில் இரண்டு தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன, இரண்டும் விளையாட்டுக்கு வெளியே. தொலைக்காட்சி தனக்கு வந்த படத்தை மெருகேற்றவும், இடைப்படங்களை உண்டாக்கவும் சிறிது நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன் பட அமைப்பில் ‘கேம் மோட்’ இருக்கும், அதைப் போட்டால் அந்த வேலைகளில் பெரும்பகுதி நின்றுவிடும். புளூடூத் ஒலியில் தாமதம் இருக்கவே செய்யும். ஆடும்போது தொலைக்காட்சியின் சொந்த ஒலிபெருக்கிக்கு மாறிவிடுங்கள். சத்தத்தை வைத்துத் தடுப்பவர் என்றால் அதுதான் உங்களை ஏமாற்றுகிறது.

பொத்தோங்_பாசிர்_அக்கா · ஞாயிறு, இரவு 7:45

கேம் மோடைப் போட்டேன். படத்தின் நிறம் வெளிறிவிட்டது என்று வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார், ஆனால் பத்து தலையடிகளில் ஏழைத் தடுத்தேன். காலையில் இரண்டுதான். ஒலிக்கு இன்னும் கம்பி தேட வேண்டும்.

காக்கிச்சட்டை_வாரஇறுதி · ஞாயிறு, இரவு 8:00

முகாமுக்குத் திரும்புவதற்கு முன் ஒரு வேண்டுகோள். 1.4.1இல் தடுப்பு இடைவெளியை 8 பிரேமிலிருந்து 10 ஆக விரித்தீர்கள். இப்போது தாமதம் போய்விட்டதால் 8க்கே கொண்டுவாருங்கள். 10இல் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டினாலும் விழுகிறது. தடுக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் வேறுபாடே இல்லாமல் போய்விட்டது.

பொத்தோங்_பாசிர்_அக்கா · ஞாயிறு, இரவு 8:12

தம்பி, எல்லாருக்கும் உங்கள் விரல் இல்லை. 10 அப்படியே இருக்கட்டும்.

பட்டறை (உருவாக்குநர்) · ஞாயிறு, இரவு 8:40

அந்த விரிவு, காரணம் தெரியாமல் வலியைக் குறைக்கப் போட்ட களிம்பு. அதனால் பெரிய பயனும் இல்லை. தாமதமாக வந்து சேரும் அழுத்தத்துக்கு இடைவெளி எவ்வளவு அகலமாக இருந்தாலும், அடி விழுந்த பிறகு வந்தால் அது தடுப்பாகாது. திரும்ப எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம், ஆனால் குழுவில் ஒருமித்த கருத்து இல்லை. அடுத்த பதிப்புவரை 10 இருக்கும். போட்டிக் களத்தில் மட்டும் 8 வைக்கலாமா என்று ஆடிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஈசூன்_இரவு · ஞாயிறு, இரவு 11:30

நீங்கள் சொன்னபடி இணையத்தைத் துண்டித்துப் பயிற்சிக் களத்தில் ஆடினேன். வைஃபை என்று நான் நினைத்தது தவறு, தனியாக ஆடும்போதும் தவறுகிறது. என்னுடையது இரண்டு கிராபிக்ஸ் கொண்ட மடிக்கணினி. கைத்தொலைபேசியால் நானும் பதிவுசெய்தேன். விளக்கு இல்லாததால் விரல் பொத்தானின் அடியைத் தொட்ட படத்திலிருந்து எண்ணினேன். பட வரிசை 1இல், மடிக்கணினியின் சொந்தத் திரையில் 21 படங்கள். எச்டிஎம்ஐ வழியாக வெளித்திரையில் இணைத்தால் 15.

மூன்றாம்_மாடி · திங்கள், அதிகாலை 12:10

அப்படியானால் பெரிய கார்டு வரைந்த படம், செயலியோடு இணைந்த சிறிய கிராபிக்ஸ் வழியாக உள்திரைக்குப் போகிறது என்று ஊகிக்கிறேன். உங்கள் எச்டிஎம்ஐ துளை பெரிய கார்டோடு நேராக இணைந்திருக்கலாம். ஆனால் படத்தைப் பிரதி எடுக்க மட்டும் ஆறு படங்கள், 25 மில்லிவினாடி ஆகாது. உள்திரையே மெதுவானதாக இருக்கலாம், அல்லது வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்திருக்கிறது.

பட்டறை (உருவாக்குநர்) · திங்கள், காலை 9:20

இருபது அழுத்தங்களின் பதிவையும், அதே நேரத்தில் எடுத்த `PresentMon` கோப்பையும் அனுப்பிவைக்க முடியுமா? முழுத்திரையிலும் சாளரத்திலும் தனித்தனியாக எடுங்கள். எங்களிடம் இரண்டு கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினி ஒன்றுதான் இருக்கிறது, அதில் உள்திரைக்கும் வெளித்திரைக்கும் வேறுபாடு இரண்டு படங்களுக்கு மேல் வரவில்லை. உங்களுடையதில் ஏன் ஆறு என்று இப்போதைக்கு என்னால் சொல்ல முடியாது. இழையைத் திறந்தே வைக்கிறேன்.